தனியே நிற்காத மின்னோட்டக் கூறு



தலைமை உரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் ஒரே ஒரு சமன்பாட்டோடு நின்றுகொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் எல்லோரும் கரும்பலகையில் எழுதியதுதான்:

dB = (μ₀/4π) · I dl sinθ / r²

பயோ–சாவர்ட் விதி. மின்னோட்டம் பாயும் கம்பியில் dl என்ற சிறு கூறு, அதிலிருந்து r தொலைவில் இவ்வளவு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்று சொல்கிறோம். நிலையான மின்னோட்டம் பாயும் ஒரு கூறை மட்டும் வெட்டியெடுத்து மேசைமேல் வைக்க முடியுமா? முடியாது. ஓட்டம் எங்கிருந்தோ வரவேண்டும், எங்கோ போகவேண்டும். நாம் அளப்பதெல்லாம் மூடிய சுற்றின் மொத்தப் புலம்தான். அப்படியானால் இந்த sinθ எந்தச் சோதனையில் வந்தது? இந்தக் கேள்வியை வகுப்பில் நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை.

1820 ஜூலையில் ஓர்ஸ்டெட் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். செப்டம்பரில் அந்தச் செய்தி பாரீசின் அறிவியல் கழகத்தை எட்டியது. அக்டோபர் 30 அன்று பயோவும் சாவர்ட்டும் தங்கள் அளவீட்டைக் கழகத்தில் வாசித்தார்கள். நீண்ட நேர்க்கம்பிக்கு அருகே ஒரு சிறு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு விரைவாக அலைகிறது என்று பார்த்தார்கள். புலம் தொலைவுக்கு எதிர்விகிதம், அதாவது 1/r, என்பது அவர்கள் கண்ட முடிவு. அதிலிருந்து ஒவ்வொரு கூறின் விளைவும் 1/r² ஆகக் குறையவேண்டும் என்று லாப்லாஸ் எடுத்துக்காட்டினார்.

இதுவரை சரி. ஆனால் நேர்க்கம்பிச் சோதனை கோணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கூறின் விதியில் sinθ இருக்கும் இடத்தில் sin²θ இருந்தாலும், வேறெந்தக் கோணச் சார்பு இருந்தாலும், நீண்ட நேர்க்கம்பிக்குக் கூட்டிப் பார்த்தால் 1/r தான் வரும். மாறிலி மட்டும் மாறும். வளையத்தின் மையத்தில் பார்த்தாலும் இதே கதைதான். அங்கே எல்லாக் கூறுகளும் ஒரே தொலைவு R-இல் இருக்கின்றன, எல்லாமே மையத்தை நோக்கும் கோட்டுக்குச் செங்குத்து. சுற்றளவு 2πR, ஒவ்வொரு கூறுக்கும் 1/R², பெருக்கினால் μ₀I/2R. கூறின் விதி 1/r² என்பதற்கு அது நல்ல சான்று. கூறின் விதி வெறும் 1/r ஆக இருந்திருந்தால், பெரிய வளையமும் சிறிய வளையமும் மையத்தில் ஒரே புலத்தைத் தந்திருக்கும். ஆனால் கோணம் எங்கும் 90 பாகைதான் என்பதால், sinθ அங்கே சோதிக்கப்படவே இல்லை.

கோணத்தைச் சோதிக்கக் கம்பியை மடக்க வேண்டும். பயோ அதைத்தான் செய்தார். நீண்ட கம்பியை V வடிவில் மடக்கி, முனை ஊசியை நோக்கும்படி வைத்தார். ஊசியிலிருந்து முனை வழியாகப் பின்னால் நீளும் கோட்டோடு ஒவ்வொரு கையும் i என்ற கோணம் செய்கிறது என்று கொள்வோம். i = 90° என்றால் அது நேர்க்கம்பி. i = 0 என்றால் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எதிரெதிர் ஓட்டங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இடைப்பட்ட கோணங்களில் என்ன ஆகும்? விசை i-க்கு நேர்விகிதம் என்று பயோ முதலில் அறிவித்தார். பிறகு அதை tan(i/2) என்று திருத்திக்கொண்டார். sinθ விதியைக் கைகளின் நீளம் முழுக்கக் கூட்டினால் வருவது இந்த இரண்டாவதுதான். முதலாவது உண்மையானால் sinθ நிற்காது. அவ்வளவு பெரிய வேறுபாடு எப்படிக் கண்ணுக்குத் தப்பியது? இரண்டு விதிகளுமே 0 பாகையில் சுழியையும், 90 பாகையில் நேர்க்கம்பியின் மதிப்பையும் தருகின்றன. இடையில் மட்டும்தான் பிரிகின்றன. 45 பாகையில் ஒன்று 0.5, மற்றது 0.414. ஊசியின் அலைவை எண்ணிப் புலத்தைக் கணிக்கும் காலத்தில் இதைப் பிரித்தறிவது எளிதல்ல. பயோமேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. திருத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட நம் பாடநூல்களில் வருவதில்லை என்பதில்தான் வருத்தம்.

இந்தச் சோதனையை நம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். தமிழ்நாட்டில் புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக்கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 10 ஆம்பியர் பாயும் நீண்ட நேர்க்கம்பியிலிருந்து 5 செ.மீ. தொலைவிலும் புலம் அதே 40 மைக்ரோடெஸ்லாதான். ஆகவே கம்பி காந்தத் துருவத்தளத்தில் செங்குத்தாக இருந்தால், அதற்கு வடக்கே 5 செ.மீ.-இல் வைத்த ஊசி 45 பாகை விலகும். இப்போது அதே தளத்தில் கம்பியை மடக்குங்கள். விலக்கத்தின் டேன்ஜென்ட் tan(i/2)-க்குச் சமம். எனவே ஊசி சரியாக i-இல் பாதி விலகவேண்டும். 45 பாகை மடக்கினால் 22.5 பாகை. பயோவின் முதல் விதி உண்மையாக இருந்தால் 26.6 பாகை வந்திருக்கும். நான்கு பாகை வேறுபாடு. சாதாரணத் திசைகாட்டியிலேயே தெரியும், ஊசி மட்டும் மிகச் சிறியதாக இருக்கவேண்டும்.

10 ஆம்பியருக்குப் பெரிய மின்வழங்கி தேவையில்லை. காப்பிட்ட செம்புக் கம்பியில் பத்துச் சுற்று சுற்றிக் கட்டி, 1 ஆம்பியர் செலுத்தினால் போதும். சுற்று என்றதும் சிக்கல் வந்துவிடுகிறது: கைகளின் கடைமுனைகளை இணைக்கும் திரும்பு கம்பி. கைகள் ஒரு மீட்டர் நீளம் என்றால், 45 பாகை மடிப்பில் அந்தத் திரும்பு கம்பி ஊசியிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் தள்ளி நிற்கும். தூரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும். கணக்கிட்டால் அது எதிர்த்திசையில் 1.8 மைக்ரோடெஸ்லா தருகிறது. V-இன் புலம் 16.6, மீதி 14.8, விலக்கம் 22.5 அல்ல, 20.3 பாகை. நாம் பிரித்தறிய விரும்பிய இரண்டு விதிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே 3.4 மைக்ரோடெஸ்லாதான். அதில் பாதிக்குமேல் இந்த மறந்துபோன கம்பி விழுங்கிவிடும். மாணவர் முழு முக்கோணத்தையும் கணக்கில் எடுத்தால் மட்டுமே ஊசி காட்டுவதும் தாளில் வருவதும் ஒத்துப்போகும். V-ஐ மட்டும் கணக்கிட்டவருக்கு ஊசி பொய் சொல்வதுபோல் இருக்கும்.

டேன்ஜென்ட் கால்வனோமீட்டரை நாம் எல்லோரும் செய்தே வந்திருக்கிறோம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 8 செ.மீ. ஆரம், 50 சுற்று, 0.1 ஆம்பியர்: மையத்தில் 39 மைக்ரோடெஸ்லா, ஊசி 45 பாகைக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். திசைமாற்றியால் ஓட்டத்தைத் திருப்பி மறுபடி அளக்கச் சொல்கிறோம். பெரும்பாலான பதிவேடுகளில் அது வெறும் சடங்கு. இரண்டு பக்க விலக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் சுருளின் தளம் காந்தத் துருவத்தளத்தில் இல்லை என்று பொருள். அதைக் காட்டத்தான் அந்தத் திருப்பம். ஆனால் சராசரி எடுத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், சுருளைத் தொட்டுத் திருத்துவதில்லை.

இணை கம்பிகளுக்கு வருகிறேன். 1820 செப்டம்பரிலேயே ஆம்பியர் இதைக் கழகத்தில் காட்டினார்: ஒரே திசை ஓட்டங்கள் ஈர்க்கும், எதிர்த்திசை ஓட்டங்கள் விலக்கும். இங்கேயும் கூறுகளைத் தனியே எடுத்தால் ஒரு விபரீதம். A என்ற கூறு B-ஐ நேராகச் சுட்டிக்கொண்டு இருக்கிறது. B அந்தக் கோட்டுக்குச் செங்குத்து. sinθ சுழி என்பதால் A-இன் புலம் B-இல் இல்லை, B-மேல் விசை இல்லை. ஆனால் B-இன் புலம் A-இல் இருக்கிறது, A-மேல் விசை இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி எங்கே போயிற்று? ஆம்பியரால் இதை ஏற்க முடியவில்லை. இரு கூறுகளை இணைக்கும் கோட்டிலேயே விசை செயல்படும்படி அவர் வேறொரு வாய்பாடு அமைத்தார். கூறுக்குக் கூறு இரண்டும் வேறு வேறு. மூடிய சுற்றொன்று மற்றொன்றின்மேல் செலுத்தும் மொத்த விசையை இரண்டும் ஒன்றாகவே தருகின்றன, அதில் மூன்றாம் விதியும் நிற்கிறது. மூடிய சுற்றுகளை வைத்து இரண்டில் எது சரி என்று கேட்டால் சோதனை பதில் சொல்லாது.

ஆய்வக மின்னோட்டத் தராசில் நடப்பது இது. 30 செ.மீ. நீளமுள்ள இரு தண்டுகள், மையத்திலிருந்து மையம் 5 மி.மீ., ஓட்டம் 10 ஆம்பியர். விசை 1.2 மில்லிநியூட்டன், ஏறக்குறைய 120 மில்லிகிராம் எடைக்குச் சமம். இங்கே இரண்டு பிழைகள் வழக்கமானவை. முதலாவது, தண்டுகளுக்கு இடையே தெரியும் வெளியை மட்டும் தொலைவாக எடுத்துக்கொள்வது. தண்டின் விட்டம் 3 மி.மீ. என்றால் வெளி 2 மி.மீ.தான், கணக்கில் விசை இரண்டரை மடங்காகிவிடும். வெளியை மாற்றி மாற்றி விசையின் தலைகீழியை வரைபடமாக்கினால், கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது. அச்சை வெட்டும் இடம் தண்டின் விட்டத்தையே சொல்லிவிடும்.

இரண்டாவது பிழை நுட்பமானது. தண்டு கிழக்கு மேற்காக இருந்தால், புவியின் கிடைத்தளப் புலம் அதன்மேல் 12 மில்லிகிராம் எடை அளவுக்கு மேலோ கீழோ ஒரு விசை செலுத்தும். நூற்றுக்குப் பத்து. இரு தண்டுகளிலும் ஓட்டத்தை ஒருசேரத் திருப்பினால் தண்டுகளுக்கிடையே உள்ள விசை மாறாது, புவியின் விசை மட்டும் திசை மாறும். சராசரி எடுத்தால் நீங்கிவிடும். தராசையே வடக்கு தெற்காகத் திருப்பி வைத்தால் இன்னும் எளிது. தென்தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே புலம் ஏறக்குறைய முழுவதும் கிடைத்தளத்தில்தான். வடக்கு தெற்காக வைத்த தண்டின்மேல் புவி கிட்டத்தட்ட எதுவுமே செய்யாது.

ஒரு மீட்டர் இடைவெளியில், முடிவில்லாத இரு இணை கம்பிகளுக்கிடையே மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் என்ற வரையறை 1948 முதல் 2019 மே 20 வரை ஆம்பியருக்கு இருந்தது. முடிவில்லாத கம்பியை எந்த ஆய்வகமும் வைத்திருக்கவில்லை. தேசிய ஆய்வகங்கள் சுருள்களைத் தராசில் தொங்கவிட்டுத்தான் அளந்தன. சுருளின் வடிவத்திலிருந்து கம்பிக்குப் போவதற்கு நடுவில் இருந்தது கூறுகளைக் கூட்டும் இதே கணக்கு. இப்போது ஆம்பியர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து வரையறுக்கப்படுகிறது. μ₀ அளந்தறிய வேண்டிய எண்ணாகிவிட்டது. 4π × 10⁻⁷-இலிருந்து அது விலகினாலும் ஒன்பது, பத்து இலக்கங்களுக்கு அப்பால்தான். ஆய்வகக் கணக்குக்கு எந்த மாற்றமும் இல்லை. வகுப்பில் "வரையறைப்படி" என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் அமர்வில் ஆய்வகப் பயிற்சி பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. கட்டுரையாளர்கள் தங்கள் சுற்றுப்படங்களில் திரும்பு கம்பி எந்த வழியே போகிறது என்பதையும் வரைந்து காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.