ஆறு மாதம், முப்பது விநாடி: என் முதல் அனிமேஷன் படம்

(நம் சங்கக் கூடத்தில் நடந்த மாதாந்திரச் சந்திப்பில் ஓர் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆண்டு விழாவில் நான் போட்டுக் காட்டிய பூனைப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே சார் கத்துக்கிட்டீங்க?" என்று பலரும் கேட்டீர்கள். எங்கும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம், ஆறு மாதம், வீட்டிலேயே பழகியதுதான். அதை விவரமாகச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நேராக மூன்று நிமிடப் படத்தில் கை வைத்தேன். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. கையால் வரையும்போது பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படிப் பார்த்தாலும் விநாடிக்கு 12 படம், மூன்று நிமிடத்துக்கு 2,160 படம். நான்கு மாதத்தில் 140 வரைந்து கைவிட்டேன். முதல் படத்தில் இருந்த பையனும் கடைசிப் படத்தில் இருந்தவனும் வேறு வேறு ஆளாகத் தெரிந்தார்கள்.

அடுத்த முறை திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். முதல் மூன்று மாதம் மூன்றே பயிற்சி. அந்த மூன்றில் வராத எதுவும் படத்திலும் வராது.

முதல் மாதம் பந்து. கிரீட்டா என்ற இலவச மென்பொருளில் வரைந்தேன். முந்தைய படம் மங்கலாகக் கீழே தெரியும் ஆனியன் ஸ்கின் வசதி அதில் உண்டு. என் பந்து பலூன் மாதிரி மிதந்தது. காரணம், எல்லா இடைவெளியையும் சமமாக வைத்திருந்தேன். நிஜப் பந்து விழ விழ வேகமெடுக்கும். நான்கடி உயரத்திலிருந்து விழ அரை விநாடி ஆகும், அதாவது ஆறு படம். அந்த உயரத்தை 36 பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து 1, 4, 9, 16, 25, 36 என்ற இடங்களில் பந்தை வையுங்கள். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் புள்ளிகள் விழும். ஓட்டிப் பார்த்தால் பந்துக்கு எடை வந்துவிடும். தரையைத் தொடும் படத்தைத் தவறவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பந்து காற்றிலேயே திரும்பிவிடும்.

இரண்டாம் மாதம் பூனையின் வால். அடிப்பகுதி முதலில் நகரும், நுனி தாமதமாக வந்து சேரும். அடி திரும்பிய பிறகும் நுனி பழைய திசையிலேயே கொஞ்சம் போகும். எல்லாம் ஒன்றாகத் திரும்பினால் அது வால் இல்லை, குச்சி.

மூன்றாம் மாதம் நடை. இரண்டு அடிக்கு 12 படம். குதிகால் தரை தொடுவது, உடல் தாழ்வது, கால் கடப்பது, உடல் உயர்வது என்ற நான்கு நிலைகளை முதலில் வரைந்துவிட்டு இடையில் நிரப்ப வேண்டும். ஊன்றிய கால் தரையில் வழுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். வழுக்கினால் உடல் நகரும் தூரமும் காலெட்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

நான்காம் மாதம் நல்ல படம் எதையும் வரையவில்லை. சிறுவன் கையிலிருந்து நழுவிய பந்து படிக்கட்டில் துள்ளி இறங்குகிறது. கீழே ஒரு பூனை வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. சிறுவன் நடந்து வந்து நிற்கும்போது பூனை பந்தை வாலால் சுற்றிக்கொள்கிறது. இதுதான் கதை. பேச்சு கிடையாது. இருபது கிறுக்கல் படங்களைச் சத்தத்தோடு அடுக்கி ஓட்டினேன். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். ஒன்றும் விளக்காமல் என் மனைவியிடம் காட்டினேன். "பந்து யாருடையது?" என்று கேட்டாள். பந்து நழுவும் காட்சி அப்போது இல்லை; அதன் பிறகுதான் சேர்த்தேன். மூன்று மாடிப் படிக்கட்டை ஒன்றாகக் குறைத்தேன். 50 விநாடி 30 ஆனது. கிறுக்கல் நிலையில் வெட்டுவது ஒரு நிமிட வேலை. வரைந்து முடித்த பிறகு வெட்டினால் வயிறு எரியும்.

30 விநாடிக்கு 360 படம் வேண்டும். ஆனால் வாலாட்டம் ஆறு விநாடி. 12 படமே திரும்பத் திரும்ப ஓடும். நடை ஐந்து விநாடி. அதற்கும் 12 படம்தான். வெறும் படிக்கட்டு மூன்று விநாடி, ஒரே படம். கடைசியில் வரைய வேண்டியது சுமார் 220. ஐந்தாம் மாதம் முக்கிய நிலைகளை மட்டும் படம் முழுக்க வரைந்தேன். ஆறாம் மாதம் இடைப்படங்கள், கோடு, வண்ணம், சத்தம். காட்சி காட்சியாக முடித்துக்கொண்டு போகாதீர்கள். நான் முதலில் தோற்றது அப்படித்தான்.

படத்தில் இன்னமும் ஒரு குறை இருக்கிறது. சிறுவன் நிற்கும் இடத்தில் உடல் சட்டென்று உறைந்துவிடுகிறது. நடக்கப் பழகிய நான் நிற்கப் பழகவில்லை. இந்த மாதம் அதுதான் என் பயிற்சி. யாராவது தொடங்குவதாக இருந்தால், பந்தை வரைந்துவிட்டு மாலையில் மொட்டை மாடிக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.