மூணு மணி நேரம் லேட்னா, எந்த மூணு மணி நேரம்?

ராஜபாளையத்துல அய்யனார் கோவில் போற ரோட்டுப் பக்கம் ஒரு குடோன்லதான் எனக்கு வேலை. பக்கத்து சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. எங்க சரக்கும் அதுதான். லாரி லேட்டானா கஸ்டமருக்குத் தகவல் எழுதுறது நான்.

ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு எங்க டெஸ்பாட்ச் அண்ணாச்சி அனுப்பின மெசேஜ் இது:

“வண்டி பி.டி. விராலிமலை. பெல்ட் திருச்சி. 3 ஹவர் லேட். 40 பண்டல்.”

பி.டி.ன்னா பிரேக்டவுன். பெல்ட் திருச்சியில இருந்து வரணும். ரோட்டுல நிக்கிற டிரைவர்கிட்ட பேசிக்கிட்டே அடிச்சது, அதனால சுருக்கமாத்தான் இருக்கும். அவர் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா அந்த மூணு மணி நேரம் வண்டிக்கு. சரக்கு வாங்குறவருக்கு இல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்க. வண்டி விடியக்காலை நாலு மணிக்குப் பெருங்களத்தூர் தாண்டியிருக்கணும். இப்போ ஏழு ஆகும். சென்னை சிட்டிக்குள்ள பகல்ல பெரிய சரக்கு லாரிக்குத் தடை உண்டு. அப்போ ராத்திரி வரைக்கும் வெளியிலயே நிக்கணும். பாரிமுனைக் கடைக்கு இது மூணு மணி நேரம் இல்ல, கிட்டத்தட்ட ஒரு நாள். அவர் ஆஸ்பத்திரிகளுக்கு சப்ளை பண்றவர். “3 மணி நேரம் தாமதம்”னு எழுதினா, பக்கத்துல வாங்கிச் சமாளிக்க வேண்டிய நேரத்துல எங்க வண்டிக்காகக் காத்திருப்பார்.

அதனால அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கேட்டது ரெண்டே கேள்வி. நாப்பது பண்டலும் இந்த வண்டியிலதானா? “ஆமா, மொத்தமும்.” அவசரத்துக்குக் கொஞ்சம் சின்ன வண்டியில மாத்தலாமா? “பத்து பண்டல் மாத்தலாம்மா. பீக் ஹவர் முடிஞ்சு உள்ள போயிரும். ஆனா ராத்திரியே சொல்லணும்.” வண்டி மாறினா இ-வே பில்லோட பார்ட் பி-யில புது வண்டி நம்பர் ஏத்தணும், அதான்.

அப்புறம் எழுதினேன்:

“வணக்கம். நாளை காலை வர வேண்டிய 40 பண்டல் பேண்டேஜ் துணி நாளை இரவுதான் வந்து சேரும். வண்டி விராலிமலை அருகே பழுதாகி நிற்கிறது. சரக்குக்குச் சேதம் இல்லை. அவசரத் தேவை இருந்தால் 10 பண்டலைச் சிறிய வண்டியில் நாளை மதியத்துக்குள் அனுப்ப முடியும். வேண்டுமா என இன்றிரவு 10 மணிக்குள் சொல்லுங்கள். வண்டி கிளம்பியதும் மறுபடி தகவல் தருகிறோம்.”

முதல் வரியிலயே எப்ப வரும்னு இருக்கு. பெல்ட் கதை இல்ல, அவருக்கு அது எதுக்கு? “சிரமத்திற்கு வருந்துகிறோம்” போடலாம்தான், ஆனா அதை முதல்ல போட்டா, போன் நோட்டிஃபிகேஷன்ல அந்த ஒரு வரி மட்டும்தான் தெரியும்.

பதில் ஒன்பதே காலுக்கு வந்தது: “10 அனுப்புங்க. மீதி ராத்திரி ஓகே.”