பத்து நிமிஷத்தைத் தாளில் எழுதுவது

சிதம்பரத்துல ஐ.சி.யூ.வில் டாக்டரா இருக்கிற நண்பன் ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். "நீ சாஃப்ட்வேருக்கு டாகுமெண்டேஷன் எழுதுறவன்தானே? கடலூர்லேர்ந்து பைக் விபத்துன்னு ஓடி வர்ற ஒரு அப்பாவுக்கு இது புரியுமா, பாரு"ன்னான். மூளைச்சாவை எப்படிச் சோதிக்கிறாங்கன்னு வீட்டாருக்குச் சொல்ற குறிப்பு அது.

முதல் வரியிலேயே 'உயிர்காக்கும் கருவி'ன்னு இருந்தது. அதை அடிச்சேன். உயிரைக் காக்குதுன்னு நாமே எழுதிட்டு, அடுத்த பத்தியில இறந்துட்டார்னு சொன்னா யார் நம்புவாங்க? 'சுவாசக் கருவி'ன்னு மாத்தினோம். கீழே ஒரு வரி சேர்த்தோம்: "இதயத்துக்குத் தானாகத் துடிக்கும் தன்மை உண்டு. கருவி காற்றைத் தரும்வரை அது சில காலம் துடிக்கும். உடம்பு சூடாகவே இருக்கும்."

கண்ணில் லைட் அடிப்பது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, காதில் குளிர்ந்த தண்ணீர் விடுவது, தொண்டைக்குள் குழாய் விட்டு இருமல் வருதான்னு பார்ப்பது. இதெல்லாம் நேரா எழுதினாலே புரியும். மயக்க மருந்தோ உடல் குளிர்ச்சியோ இந்த நிலைக்குக் காரணம் இல்லைன்னு உறுதி செஞ்ச பிறகுதான் சோதனையே தொடங்கும்.

சிக்கல் கடைசிச் சோதனையில. 'வென்டிலேட்டரைக் கழற்றிப் பார்ப்போம்'னு அவன் எழுதியிருந்தான். படிச்ச எனக்கே பகீர்னு இருந்துச்சு. கழற்றினதாலதான் போயிட்டான்னு ஒரு அம்மா ஆயுசுக்கும் நினைப்பாங்க இல்லையா? நடப்பதைக் கேட்டுக் கேட்டு இப்படி எழுதினோம்:

"முதலில் முழு ஆக்சிஜன் கொடுப்போம். கருவியைப் பிரித்த பிறகும் மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டே இருக்கும். மூச்சு விடாதபோது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளைத்தண்டு துளியாவது வேலை செய்தால், அந்த ஏற்றமே மூச்சை இழுக்க வைக்கும். எட்டு முதல் பத்து நிமிடம் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்போம். நெஞ்சு அசைந்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ உடனே கருவியை மாட்டிவிடுவோம்."

அந்த ஏற்றம் 60-ஐத் தாண்டிச்சான்னு ரத்தப் பரிசோதனையில பார்க்கிறாங்க. எண்ணைத் தாளில் போடலை; கேட்டா வாயால சொல்லிக்கலாம்.

1994 சட்டப்படி நாலு டாக்டர்கள் கையெழுத்துப் போடணும். உறுப்பு மாற்று அறுவை செய்பவர் யாரும் அதில் இருக்கக் கூடாது. முழுச் சோதனையும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில இரண்டாவது முறை நடக்கும். அந்த ஆறு மணி நேரத்தை வீட்டார் 'இன்னும் வாய்ப்பு இருக்கு போல'ன்னு எடுத்துக்கிறாங்களாம். அதனால "இது சிகிச்சைக்கான நேரம் அல்ல, தவறு நேராதிருக்க மறுபடி பார்ப்பதற்கான நேரம்"னு எழுதினோம்.

2008-ல ஹிதேந்திரனோட உறுப்புகளைத் தானம் செஞ்ச பெற்றோர் ரெண்டு பேருமே டாக்டர்கள். அவங்களுக்கு இந்தத் தாள் வேண்டியிருக்காது.

தானத்தைப் பத்தி இதில் ஒரு வார்த்தை இல்லை. அது வேற தாள், வேற நேரம்.

பிரிண்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி நான் கேட்டேன்: "விரல் அசைஞ்சா?" அசையுமாம், சில சமயம் காலும்கூட. தண்டுவடத்திலிருந்து வர்ற அசைவு, மூளைக்குத் தொடர்பில்லை. அதைப் பார்த்த பிறகு சொன்னா சமாளிக்கிற மாதிரி இருக்கும்னு, 'இதயம் துடிக்கும்' வரிக்கு அடுத்த வரியாவே சேர்த்துட்டோம்.