மூச்சை மெல்ல விட்டால்...

புகையை விட்டு நாலு நாள் ஆகிறது. டீக்கடையில் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் பற்ற வைக்கிறார். அந்த வாசனை வந்ததும் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

இரண்டடி தள்ளி நில்லுங்கள். மனசுக்குள் நாலு எண்ணி மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணி மெல்ல விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளம், அதுதான் முக்கியம். அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை சுற்றினால் வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

பால் பொங்கும்போது அடுப்பைக் குறைத்தால் அடங்கும் அல்லவா? புகை ஆசையும் அப்படித்தான். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

மூச்சுப்பயிற்சி உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, ஆனால் அளவோடு. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஆலோசனையோடு மூச்சுப்பயிற்சி அடங்கிய யோகாவும் பழகியவர்களில் புகையை நிறுத்தியவர்கள் சற்று அதிகம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரிதாக நிலைக்கவில்லை. ஆகவே மூச்சுப்பயிற்சி துணைதான். மருந்துக்கும் ஆலோசனைக்கும் மாற்று அல்ல.

காலையில் ஐந்து நிமிடம் பழகி வையுங்கள். பழகாத மூச்சு டீக்கடையில் கைகொடுக்காது. இன்னும் உதவி வேண்டுமா? கட்டணமில்லாத எண் 1800 11 2356. இன்றே கூப்பிடுங்கள்.