எந்த மருந்தை வாங்குவது? தீர்மானிக்க வேண்டியது யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

மருந்துக் கடையில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரியின் கையில் இருக்கும் பணமோ அளவானது. அந்தப் பணத்தில் எதை வாங்குவது, எதை விடுவது? இதை யார் தீர்மானிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இந்தக் கேள்வியை நம் பக்கத்து நாடான இலங்கை ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பெயர்கள் பல, மருந்து ஒன்று

1970-ல் இலங்கையில் இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி சர்க்கார் ஏற்பட்டது. மருந்துப் பிரச்னையை ஆராயும் பொறுப்பு இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. மற்றவர் கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்ரமசிங்க. 1971-ல் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள்.

அப்போது இலங்கைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் இறக்குமதியாகி வந்தன. இவற்றில் பெரும்பகுதி ஒரே சரக்கு. பெட்டியும் பெயரும்தான் வேறு. டெட்ராசைக்ளின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வியாபாரப் பெயர் வைத்து விற்கும். அதே குடும்பத்தில் பிறந்த, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் தம்பி மருந்துகளும் உண்டு. தனித்தனியே வேலை செய்யும் இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து, அதற்கு ஒரு பெயரும் மூன்று மடங்கு விலையும் வைப்பதும் உண்டு.

நிபுணர் குழு ஒவ்வொரு மருந்தாக எடுத்து விசாரித்தது. பட்டியல் சுமார் 600 மருந்துகளாகச் சுருங்கியது. மருந்தை வியாபாரப் பெயரால் அல்ல, அதன் பொதுப் பெயரால் வாங்குவது என்று முடிவாயிற்று. நாட்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்க அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார்.

விலையின் மர்மம்

மொத்தமாக, பொதுப் பெயரில் விலை கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. டெட்ராசைக்ளின் மூலப்பொருளுக்கு அமெரிக்கக் கம்பெனியான பைசர் கிலோவுக்குச் சுமார் 99 டாலர் விலை வைத்திருந்தது. அதே சரக்கை ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி சுமார் 20 டாலருக்குத் தர முன்வந்தது. ஐந்தில் ஒரு பங்கு விலை! மீதி நாலு பங்கும் நோயாளியின் மடியிலிருந்து போன பணம்.

மலிவான மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் வாங்கியது. இலங்கையில் இருந்த பைசர் தொழிற்சாலையிடம் கொடுத்து, குளிகையில் அடைத்துத் தரும்படி கேட்டது. தரம் சரியில்லை என்று காரணம் சொல்லிக் கம்பெனி மறுத்தது. 1974-ல் காலரா பரவியது. தொழிற்சாலை கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடக்க, குளிகைகளை அதிக விலை கொடுத்து விமானத்தில் வரவழைக்க நேர்ந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்ததும், அமெரிக்கத் தூதரே பிரதமரிடம் தலையிட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

1977-ல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்குக் கதவு மறுபடி திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிபிலே காலமானார். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஜெனீவாவில் கூடி, சுமார் 200 மருந்துகள் கொண்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பட்டியல் போடும் குழு என்ன கேட்கிறது? இந்த நோய் நம் மக்களிடையே எவ்வளவு? மருந்து உண்மையாகவே குணப்படுத்துகிறதா, அதற்குச் சோதனை ஆதாரம் உண்டா? ஏற்கெனவே உள்ள மருந்தைவிட எவ்வளவு மேல்? அந்த மேன்மைக்கு எவ்வளவு விலை? கடைசி இரண்டு கேள்விகளில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பழைய மருந்து ஆளுக்குப் பத்து ரூபாய். நூறு பேரில் 90 பேரைக் குணப்படுத்துகிறது. புதிய மருந்து ஆளுக்கு நூறு ரூபாய். 92 பேரைக் குணப்படுத்துகிறது. "புதியது சிறந்தது" என்று கம்பெனி சொல்வது பொய்யல்ல. ஆனால் நூறு பேருக்குப் பழையது ஆயிரம் ரூபாய், புதியது பத்தாயிரம் ரூபாய். கூடுதலாக இரண்டு பேர் குணமாக ஒன்பதாயிரம் ரூபாய் செலவு.

இதை வேறு விதமாகச் செய்யலாம். எல்லோருக்கும் முதலில் பழையதைக் கொடுப்போம். குணமாகாத பத்துப் பேருக்கு மட்டும் புதியதைக் கொடுப்போம். மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய். அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேர் குணமானால்கூட 92 பேர் ஆகிவிடுகிறார்கள். மீதி எட்டாயிரம் ரூபாயில் வேறு எத்தனையோ பேருக்கு மருந்து வாங்கலாம். ஆகவே புதியது பட்டியலில் இருக்கும். ஆனால் இரண்டாவது வரிசையில் இருக்கும். காத்திருந்தால் உயிர் போகும் நோயானால் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே முதலிலேயே புதியதைத்தான் கொடுக்க வேண்டும்.

பட்டியல் என்றால் மலிவுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மார்புப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் விலையுயர்ந்த மருந்து. அதையும் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தன் பட்டியலில் சேர்த்தது. உயிர் காக்கும் ஆதாரம் இருக்கும்போது, "விலை அதிகம், வேண்டாம்" என்பது விடையல்ல. "விலையைக் குறை" என்பதுதான் விடை.

பட்டியல் மட்டும் போதாது

நல்ல பட்டியலும் காகிதத்தோடு நின்றுவிடலாம். 2022-ல் அந்நியச் செலாவணி வற்றியபோது, பிபிலேயின் நாட்டிலேயே ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போயிற்று. தட்டுப்பாட்டைக் காட்டி அவசரக் கொள்முதல் நடந்தது. பதிவு விதிகள் தளர்த்தப்பட்டன. 2023-ல் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்து தரமற்றது என்று அம்பலமாயிற்று. அது வாங்கப்பட்ட விவகாரத்தில், முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அவசரம் என்ற பெயரில் சோதனையைத் தாண்டும் இடத்தில்தான் திருடன் நுழைகிறான்.

நம் தமிழ்நாட்டில் 1994-ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் பொதுப் பெயரில், டெண்டர் மூலம், மொத்தமாக வாங்குகிறது. சரக்கை மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறது. "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்ட மாத்திரை அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது மருந்தின் சொந்தப் பெயர். கவர்ச்சிப் பெயர் இல்லை என்பதற்காக அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள்.

தோழர்களே, "வெளியே வாங்கு" என்று சீட்டு வந்தால் சும்மா திரும்பிவிடக் கூடாது. இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மருந்து சர்க்கார் பட்டியலில் உண்டா? உண்டு என்றால், இருப்பில் ஏன் இல்லை? வாங்குவதிலோ அனுப்புவதிலோ கோளாறு இருக்கிறது. பட்டியலில் இல்லை என்றால், அதே வேலையைச் செய்யும் பட்டியல் மருந்து எது, அதை ஏன் எழுதவில்லை? அப்படி ஒன்றுமே இல்லை என்றால் பட்டியலில்தான் குறை. அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். சங்கக் கிளைகள் இந்தச் சீட்டுகளைத் திரட்டி, தேதி, மருந்துப் பெயர், கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதத்து நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுகாதார அதிகாரியிடம் போனால், "எல்லாம் இருக்கிறது" என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது.