பற்றாக்குறை குறைந்தால் கடன் குறைந்துவிடுமா?



2025 மார்ச் 10 அன்று மகாராஷ்டிர சட்டமன்றத்தில் நிதியமைச்சர் அஜித் பவார் 2025-26ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதில் இரு தொகைகள் இடம்பெற்றன. ஒன்று, 1,36,235 கோடி ரூபாய் நிதிப் பற்றாக்குறை. மற்றொன்று, 9.32 லட்சம் கோடி ரூபாயை எட்டும் என மதிப்பிடப்பட்ட மாநிலக் கடன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான குழப்பம்.

புனேவுக்கு நீர் தரும் கடக்வாஸ்லா அணையை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் அணைக்கு வந்து சேரும் நீர் வேறு. அணையில் தேங்கி நிற்கும் நீர் வேறு. பற்றாக்குறை என்பது ஓர் ஆண்டின் வரத்து. அரசின் மொத்தச் செலவு, கடன் அல்லாத வரவுகளைவிட எவ்வளவு மிகுதியோ அதுவே நிதிப் பற்றாக்குறை. கடன் என்பது பல ஆண்டுகளாகத் தேங்கியவற்றுள் இன்னும் திருப்பித் தரப்படாத இருப்பு.

பற்றாக்குறையின் உள்ளடக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும. மகாராஷ்டிரத்தின் வருவாய் வரவு 5,60,964 கோடி. வருவாய்ச் செலவு 6,06,855 கோடி. இடைவெளியான 45,891 கோடியே வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது, நிதிப் பற்றாக்குறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊதியம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கே போகிறது. எஞ்சியதே பாசனம், சாலை போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவுக்கு உதவுகிறது. கடன் வாங்குவதே குற்றமன்று; எதற்காக வாங்கப்படுகிறது என்பதே கேள்வி.

இனி, ஒன்றிய அரசின் கணக்கு. நிதிப் பற்றாக்குறை 2024-25இன் திருத்திய மதிப்பீட்டில் உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடு, 2025-26 பட்ஜெட்டில் அது 4.4 விழுக்காடு. இதைச் சாதனையாக முழங்குகின்றனர். ஆயினும் அந்த 4.4 விழுக்காடு என்பது 15.69 லட்சம் கோடி ரூபாய். அத்தொகைக்குப் புதிய கடன் வாங்கப்படுவதால் பழைய இருப்பு மேலும் உயர்கிறது. அணைக்கு வரும் நீர் சற்றுக் குறைந்தாலும், வெளியேறாதவரை நீர்மட்டம் ஏறவே செய்யும். பற்றாக்குறை முற்றிலும் நீங்கினால்தான் கடன் வளர்வது நிற்கும். அது குறைவதற்கோ உபரி தேவை. ஆனால் பொருளாதாரம் கடனைவிட வேகமாக வளர்ந்தால், கடனின் விகிதம் மட்டும் குறையக்கூடும்.

கடன் திரும்பிவந்து பற்றாக்குறையைப் பெருக்கும் வழி வட்டி. அதே பட்ஜெட்டில் வட்டிக்கென ஒதுக்கப்பட்டது 12.76 லட்சம் கோடி. வட்டியைக் கழித்துவிட்டால் எஞ்சும் முதன்மைப் பற்றாக்குறை 3 லட்சம் கோடிக்கும் குறைவே. ஆகவே இன்றைய பற்றாக்குறையின் பெரும்பகுதி, நேற்றைய கடனின் சுமையாகும்.

பற்றாக்குறையைக் காட்டி மக்கள்நலச் செலவில் கைவைக்கும்போது மூன்று கேள்விகளை எழுப்புவோம்: வருவாய்ப் பற்றாக்குறை எவ்வளவு? வட்டி எவ்வளவு? செலவைக் குறைப்பதற்கு மாறாக, பெருஞ்செல்வர்மீது வரி விதித்து வரவைப் பெருக்காதது ஏன்? பற்றாக்குறைக்கு இரு கரைகள் உண்டு. ஆட்சியாளர் காட்டுவது ஒரு கரையை மட்டுமே.