மண்டபத்திற்கு ஒரு பெயர்

அவிநாசி சாலைக் கண்காட்சி வளாகத்திற்குச் செல்வோர் கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கம் என்று கேட்பதில்லை. அதன் ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த ‘கொடிசியா’ என்னும் ஒரு சொல் போதும். அவ்வொலியுடைய பெயர் அருகில் வேறில்லை. இரத்தினசபாபதிபுரமும் ஆர்.எஸ். புரமாயிற்று. நீண்ட பெயரை மக்கள் தாமே சுருக்கிவிடுவர். அச்சுருக்கம் நம் விருப்பப்படி அமையாது.

ஆகவே புதிய திருமண மண்டபத்திற்குக் கொடையாளரின் முழுப்பெயர் வேண்டா; அது உள்ளே கல்வெட்டில் இருக்கட்டும். வாயிலில் அப்பெயர் நின்றால், அயலார் அதனைப் பிறர் வீடென்றே எண்ணித் தயங்குவர். வெறும் ‘மகால்’ என்றாலோ, முகூர்த்த வேளையில் விருந்தினர் வேறொரு மகாலின் வாயிலில் நிற்பர். மங்கலமான சிறு சொல்லொன்றோடு பகுதியின் பெயரைச் சேர்ப்போம். தொலைபேசியில் ஒருமுறை சொன்னதும் முதியவர் ஒருவர் பிழையின்றித் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்ப்போம். பலகையில் Mahal, அழைப்பிதழில் Mahaal என்றிருத்தல் மட்டும் கூடாது. தேடுவோர் இரண்டு மண்டபங்கள் என மயங்குவர்.